சமூக சுகாதாரத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் சமூகப் பணியாளருக்கு: களப்பணியையும் மொழிகளையும் எழுதும் முறை

சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து ஓரிரு ஆண்டு களத்தில் வேலை பார்த்தவர்கள், சமூக சுகாதாரத் திட்டங்களில் பணிக்கோ பயிற்சிக்கோ விண்ணப்பிக்கும்போது எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பல விண்ணப்பங்களில் பார்த்துவிட்டேன். பெரும்பாலானோருக்கு வேலை நன்றாகத் தெரியும். அந்த வேலைதான் காகிதத்தில் தெரிவதில்லை. குறிப்பாக இரண்டு பகுதிகளில் சறுக்குகிறார்கள்: கள அனுபவம், தெரிந்த மொழிகள். இந்த வழிகாட்டி அந்த இரண்டைப் பற்றியதுதான். மற்ற படிகளை வரிசைக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரு மாதிரி விண்ணப்பதாரரைக் கடைசிவரை கூட வைத்துக்கொள்வோம். மருத்துவ-மனநலப் பிரிவில் எம்.எஸ்.டபிள்யூ. படித்த பெண். 2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை வியாசர்பாடியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் காசநோய்த் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தார். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் வழி. கற்பனை ஆள்தான். ஆனால் இப்படிப்பட்டவர்கள் வடசென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1. அறிவிப்பில் வினைச்சொற்களைத் தேடுங்கள்

அறிவிப்பு கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது தகுதி, சம்பளம், கடைசி நாள். சரி, அதையெல்லாம் பாருங்கள். அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, அந்த வேலையில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்ற சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு இடுங்கள். வீடு வீடாகச் செல்வது, ஆலோசனை சொல்வது, பதிவேடு பராமரிப்பது, தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, சுகாதார நிலையத்தோடு ஒருங்கிணைப்பது என்று ஐந்தாறு வரும்.

இந்த ஐந்தாறு சொற்கள்தான் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் கையில் வைத்திருக்கும் அளவுகோல். உங்கள் அனுபவத்தில் இவற்றில் எது எது இருக்கிறது, எது இல்லை என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். இல்லாததை இப்போதே தெரிந்துகொண்டால், பின்னால் அதை மழுப்பி எழுதும் ஆசை வராது.

திட்டம் எந்தப் பகுதியில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். புளியந்தோப்பில் செய்யும் வேலைக்கும் கண்ணகி நகரில் செய்யும் வேலைக்கும் தேவைப்படும் அனுபவம் ஒன்றாக இருக்காது. மொழியும் மாறும்.

2. அனுபவச் சான்றிதழை முதல் நாளே கேளுங்கள்

மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் வீட்டு அலமாரியில் இருக்கும். அனுபவச் சான்றிதழ் அடுத்தவர் கையில் இருக்கிறது. அதனால்தான் ஒரு வரி எழுதுவதற்கும் முன்னால் இந்தப் படி வருகிறது. தொண்டு நிறுவனத் திட்டங்கள் நிதி முடிந்தால் மூடப்படும். திட்ட மேலாளர் வேறு ஊருக்குப் போயிருப்பார். கையெழுத்து வாங்கவே இரண்டு வாரம் ஆகலாம்.

சான்றிதழில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், முழுநேரமா பகுதிநேரமா என்பது. "எங்கள் நிறுவனத்தில் சிறப்பாகப் பணியாற்றினார், வாழ்த்துகள்" என்று மட்டும் இருக்கும் கடிதத்தை வைத்து மாதக் கணக்கு போட முடியாது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், தேதியோடு வேறொன்று கேட்டு வாங்குங்கள். வேலையை ஒரே வரியில் குறிப்பிடச் சொன்னால் இன்னும் நல்லது.

நிறுவனமே மூடப்பட்டிருந்தால், நியமனக் கடிதம், சம்பளம் வரவான வங்கிக் கணக்குப் பக்கம், அன்றைய மேற்பார்வையாளர் இப்போது தரும் கடிதம் ஆகிய மூன்றையும் சேர்த்து வையுங்கள். ஏன் சான்றிதழ் இல்லை என்பதை விண்ணப்பத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.

3. படிவத்தைத் தொடும் முன் களக்கணக்கு எழுதுங்கள்

புதியவர்கள் எல்லாரும் தலைகீழாகச் செய்வது இந்த இடத்தில்தான். முதலில் "நான் ஏன் இந்தத் திட்டத்தில் சேர விரும்புகிறேன்" என்ற கடிதத்தை எழுத உட்காருகிறார்கள். கையில் விவரம் எதுவும் இல்லாததால் உணர்ச்சியால் நிரப்புகிறார்கள். பிறகு அனுபவப் பகுதியில் அந்தக் கடிதத்தையே சுருக்கி ஒட்டிவிடுகிறார்கள்.

பழைய கள நாட்குறிப்புகளை எடுங்கள். படிக்கும்போது எழுதிய களப்பணி அறிக்கைகள், வேலையில் அனுப்பிய மாத அறிக்கைகள், கைப்பேசியில் இருக்கும் பயணத் திட்டங்கள் எல்லாம் உதவும். ஒரு நோட்டில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இடம், காலம், யாரோடு வேலை, தினமும் என்ன செய்தீர்கள், எந்த மொழியில் பேசினீர்கள், என்ன மாறியது, எது சரியாக வரவில்லை என்று எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். இதை யாருக்கும் அனுப்பப்போவதில்லை.

மொழியை இங்கேயே குறிப்பது முக்கியம். பிறகு மொழிப் பகுதி எழுதும்போது "தெலுங்கு தெரியும்" என்பதற்கு ஆதாரம் இந்த நோட்டில்தான் கிடைக்கும்.

மாணவப் பருவக் களப்பணியையும் சம்பள வேலையையும் தனித்தனிப் பக்கத்தில் வையுங்கள். வகுப்போடு சேர்ந்து வாரத்தில் ஓரிரு நாள் போன களப்பணியும், படிப்பின் நடுவே ஒரு மாதம் தங்கிச் செய்த களப்பயிற்சியும் மதிப்பானவைதான். ஆனால் அறிவிப்பில் "இரண்டு ஆண்டு பணி அனுபவம்" என்று கேட்டால் இவற்றைக் கூட்டிக் காட்டக் கூடாது. நம் மாதிரிப் பெண்ணுக்கு இருப்பது 22 மாதம், அதாவது 1 ஆண்டு 10 மாதம். அதை அப்படியே எழுத வேண்டும். களப்பணியைச் சேர்த்து "2 ஆண்டுக்கு மேல்" என்று எழுதினால் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அந்த இரண்டு மாதம் இடிக்கும். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் உண்மையாக இருந்தாலும் நம்ப மாட்டார்கள்.

4. கள அனுபவத்தை எழுதுவது

முதலில் வழக்கமாக வருவதைப் பாருங்கள்.

"வடசென்னைப் பகுதியில் காசநோய் விழிப்புணர்வுப் பணிகளில் தீவிரமாக ஈடுபட்டேன். 5,000 குடும்பங்களுக்கு மேல் சேவை செய்தேன். சமூகத்தைத் திரட்டுவதிலும் குழுவாகப் பணியாற்றுவதிலும் நல்ல அனுபவம் உண்டு."

இதைப் படித்தவருக்கு அந்தப் பெண் காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி என்ன செய்தார் என்பது தெரியாது. அந்த 5,000 வேறு உறுத்தும். படிப்பவர்கள் களத்தில் இருந்து வந்தவர்கள், மனக்கணக்குப் போடுவார்கள். மாதம் 22 வேலை நாள், 22 மாதம் என்றால் 484 நாள். விடுப்பே எடுக்காமல் ஒரு நாளைக்கு எட்டு வீடு போனால்கூட 3,900 சந்திப்பைத் தொடாது. அதுவும் சந்திப்புகளின் எண்ணிக்கைதான். ஒரே நோயாளியைப் பலமுறை பார்த்திருப்பார். ஆகவே 5,000 குடும்பம் என்பது ஒருவேளை மொத்தக் குழுவும் துண்டறிக்கை கொடுத்த கணக்காக இருக்கலாம். அது அவருடைய எண் ஆகாது.

சரியான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் பொறுப்பில் ஒரே சமயத்தில் 35 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சைக் காலம் ஆறு மாதம். ஆக 22 மாதத்தில் ஏறக்குறைய 130 பேர் அவர் கைவழியே வந்திருப்பார்கள். 5,000-க்குப் பக்கத்தில் 130 சின்ன எண்தான். ஆனால் ஒவ்வொருவரையும் ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தவர் என்பது அதில் இருக்கிறது. படிப்பவர் தேடுவதும் அதைத்தான்.

இப்போது அதே அனுபவத்தை இப்படி எழுதலாம்:

"2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை (22 மாதம்) வியாசர்பாடியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் காசநோய்த் திட்டத்தில் முழுநேரக் களப்பணியாளர். ஒரே சமயத்தில் சுமார் 35 நோயாளிகள் என் பொறுப்பில் இருந்தனர்; மொத்தம் ஏறக்குறைய 130 பேர். மருந்து தொடங்கிய முதல் வாரத்திலேயே வீட்டுக்குச் சென்று பார்த்தேன். வீட்டில் உள்ள மற்றவர்களிடம் இருமல், காய்ச்சல், எடை குறைவு பற்றிக் கேட்டு, தேவைப்பட்டவர்களைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். ஊட்டச்சத்து உதவித்தொகை வராதவர்களின் வங்கி விவரங்களைச் சரிபார்த்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் திருத்தக் கொடுத்தேன். சிகிச்சை முடிவுகள் மருத்துவருடையவை. நிக்ஷய் தளத்தில் பதிவு செய்தவர் நிலையத்தின் காசநோய்ப் பணியாளர்."

கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதத் தயங்குவார்கள், தங்கள் பங்கு குறைந்துபோகுமே என்று. எனக்கு அதுதான் இந்தப் பத்தியின் மிக நல்ல வாக்கியம். தன் வேலை எங்கே முடிகிறது, அடுத்தவர் வேலை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தவரைத்தான் சுகாதார நிலைய ஊழியர்கள் தங்கள் இடத்துக்குள் விடுவார்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" பற்றி எழுதுபவர்களுக்கும் இதையே சொல்வேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பவர் பெண் சுகாதாரத் தன்னார்வலர். நீங்கள் அவரோடு கூடப் போய்க் குடும்பங்களிடம் பேசியிருந்தால் "தன்னார்வலருடன் சென்றேன், நான் செய்தது இது" என்று எழுதுங்கள். மாத்திரை கொடுத்ததாக எழுதாதீர்கள்.

உதவித்தொகை பற்றிய வரியையும் கவனியுங்கள். காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018 ஏப்ரலில் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்த தொகை அது. நேராக வங்கிக் கணக்குக்குத்தான் போகும். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலோ, பயன்படுத்தாமல் கணக்கு முடங்கிக் கிடந்தாலோ பணம் வராது. நோயாளி அதைப் பெரும்பாலும் களப்பணியாளரிடம்தான் முதலில் சொல்வார். இந்தச் சின்ன விவரம் விண்ணப்பத்தில் இருந்தால், நீங்கள் உண்மையிலேயே அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியவர் என்பதை வேறு யாரும் சாட்சி சொல்லத் தேவையில்லை. நம் மாதிரிப் பெண் களத்தில் இருந்த காலத்தில் தொகை 500 ரூபாய்தான். அவர் அதை 1,000 என்று எழுதினால் எங்கிருந்தோ பார்த்து எழுதியது போல ஆகிவிடும். நீங்கள் வேலை செய்த காலத்தில் என்ன இருந்ததோ அதையே எழுதுங்கள்.

5. சரியாக வராத ஒரு சம்பவத்தையும் சேருங்கள்

இடம் இருந்தால், ஒரே ஒரு சம்பவத்தை ஐந்தாறு வாக்கியத்தில் விரிவாக எழுதுங்கள். அது வெற்றிக் கதையாக இருக்க வேண்டியதில்லை. சிக்கலான ஒன்றாக இருந்தால் நல்லது. சமூகப் பணியாளர் எப்படி யோசிக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். மாதிரிக்கு:

"மூன்றாம் மாதச் சிகிச்சையில் இருந்த ஒருவரின் வீடு ஒரு வாரம் பூட்டியே இருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டபோது, குடும்பம் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு மாறியது தெரிந்தது. மருந்து வாங்கப் பழைய நிலையத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் மாத்திரையை நிறுத்தியிருந்தார். காசநோய்ப் பணியாளரிடம் சொல்லி, சிகிச்சைப் பதிவைப் பெரும்பாக்கத்துக்கு அருகில் உள்ள நிலையத்துக்கு மாற்றவைத்தோம். மீண்டும் சளி பரிசோதித்த பிறகு மருத்துவர் சிகிச்சையைத் தொடர்ந்தார். இடையில் மூன்று வாரம் மருந்து விட்டுப்போனது. அதன் பிறகு ஒவ்வொரு மாதச் சந்திப்பிலும், வீடு மாறும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்."

இதில் என்ன இருக்கிறது பாருங்கள். எப்படித் தெரிந்தது, காரணம் என்ன, யாரிடம் போனார், மருத்துவர் பங்கு எது, எவ்வளவு இழப்பு, அதற்குப் பிறகு தன் வேலையில் எதை மாற்றினார். நோயாளியைக் குறை சொல்லும் ஒரு சொல்கூட இல்லை. "விழிப்புணர்வு இல்லாததால் மருந்தை நிறுத்திவிட்டார்" என்று எழுதுபவர்களை நான் மிகவும் யோசித்துத்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவேன். கூலி போகும் என்று கணக்குப் பார்த்தவருக்கு விழிப்புணர்வு இல்லாமல் இல்லை. அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நம் வேலை.

6. நோயாளியை யாரும் அடையாளம் காணக் கூடாது

சம்பவம் எழுதி முடித்ததும், அந்தத் தெருவில் இருப்பவர் இதைப் படித்தால் ஆள் யார் என்று சொல்லிவிடுவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. தெருப் பெயர், சரியான வயது, தொழில், குழந்தைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் சேர்ந்தால் பெயர் தேவையே இல்லை. மேலே உள்ள மாதிரியில் வயது இல்லை, தொழில் இல்லை, தெரு இல்லை. சம்பவம் புரிய அவை தேவைப்படவும் இல்லை.

எச்.ஐ.வி. தொடர்பான பணி என்றால் இது சட்டமும்கூட. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது. மனநலப் பணிக்கும் அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியத்தை வலியுறுத்துகிறது. வீட்டுச் சந்திப்புப் படங்களை இணைப்பில் சேர்க்காதீர்கள். படம் இருந்தால் வேலை செய்தது நிரூபணமாகும் என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது இரகசியம் காக்கத் தெரியாத ஒருவர்.

7. மொழிகள்: பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றும் வெவ்வேறு

"தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், இந்தி, தெலுங்கு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சென்னையில் சமூக சுகாதார வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு இந்த வரி எதையும் சொல்லாது.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் பேசுவது தெலுங்கு. திருவல்லிக்கேணி, இராயப்பேட்டைப் பக்கம் உருது பேசும் வீடுகள் உண்டு. சௌகார்பேட்டையில் இந்தியும் மார்வாரியும் குஜராத்தியும் கேட்கும். பழைய மகாபலிபுரம் சாலையின் கட்டுமானத் தளங்களில் ஒடிசா, வங்காளம், பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் இந்தி சரளமாக வரும் என்று நினைக்கக் கூடாது. தளத்தில் மேஸ்திரியோடு இந்தியில் சமாளிக்கும் ஒடியாக்காரப் பெண், தன் பிரசவத்தைப் பற்றி அந்த மொழியில் பேசத் தடுமாறுவார். ஆகவே எந்த மொழி என்பதோடு, அந்த மொழியில் எதைப் பற்றிப் பேச முடியும் என்பதையும் படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வரி போதும். அதில் பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றையும் தனியாகச் சொல்லி, களத்தில் எங்கே பயன்படுத்தினீர்கள் என்பதைச் சேருங்கள். நம் மாதிரிப் பெண் இப்படி எழுதலாம்:

"தமிழ்: பேச, படிக்க, எழுத முழுமையாக. ஆலோசனை, வழக்குக் குறிப்பு, குழுக் கூட்டம் எல்லாம் தமிழில் செய்தேன். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழில் தட்டச்சு செய்வேன்.

தெலுங்கு: வீட்டு மொழி. பேசவும் புரிந்துகொள்ளவும் முழுமையாக. படிக்கவும் எழுதவும் தெரியாது. 22 மாதக் களப்பணியில் தெலுங்கு பேசும் வீடுகளில் சந்திப்பு முழுவதையும் தெலுங்கிலேயே நடத்தினேன்.

இந்தி: அறிகுறி கேட்கவும், நிலையத்துக்கு வழி, நேரம் சொல்லவும் முடியும். ஆலோசனை சொல்ல மொழிபெயர்ப்பாளர் உதவி தேவை.

ஆங்கிலம்: படிக்க, மாத அறிக்கை எழுத நன்றாக வரும். கூட்டத்தில் பேசுவேன், ஆனால் மெதுவாக."

தெலுங்கு வரியில் "படிக்கத் தெரியாது" என்று எழுதியதால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. சென்னையில் வளர்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு எழுத்து தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேலைக்குத் தேவை பேச்சு. எழுத்தும் தெரியும் என்று சொல்லி, தெலுங்கில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லும்போது திணறினால்தான் நஷ்டம்.

எந்த அளவு வரும் என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். அந்த மொழி பேசும் ஒரு பெரியவரை உட்காரவைத்து மூன்று விஷயங்களைச் சொல்லிப் பாருங்கள்: சளி மாதிரியை எப்படி எடுத்து எங்கே கொடுப்பது, குணமானது போலத் தெரிந்தாலும் மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது, இதை அடுத்த வீட்டில் சொல்ல மாட்டோம் என்ற உறுதி. சொல்லி முடித்ததும் அவரை உங்களிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முதலாவது மட்டும் சரியாகத் திரும்பி வந்தால், வழி சொல்லும் அளவுக்கு மொழி வருகிறது. மூன்றும் வந்தால் ஆலோசனை சொல்லும் அளவுக்கு வருகிறது. இரண்டாவதில்தான் பெரும்பாலோர் நிற்பார்கள். பொருள்களின் பெயர் தெரிந்திருக்கும், காரணம் விளக்க மொழி போதாது.

மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்த அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள். யார் மொழிபெயர்த்தார் என்பதைக் குறிப்பிடுங்கள். தாய்க்கு என்ன நோய் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்துக் கேட்பது நடக்கிறது. அது பிள்ளைக்கும் சுமை, தாயும் முழுவதையும் சொல்ல மாட்டார். "குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்காமல், அதே மொழி பேசும் அங்கன்வாடி உதவியாளர் வழியாக, அந்தப் பெண்ணின் சம்மதம் கேட்ட பிறகு பேசினேன்" என்று எழுத முடிந்தால், தெரியாத ஒரு மொழியைக்கூட நீங்கள் பொறுப்பாகக் கையாள்வீர்கள் என்பது புரியும்.

இன்னொன்று. தமிழை விட்டுவிடுபவர்கள் உண்டு, அது சொல்லாமலே தெரியும் என்று. விடாதீர்கள். ஆங்கில வழியில் படித்துத் தமிழ் எழுதத் தடுமாறுபவர்கள் நகரத்தில் நிறைய இருப்பதால், தமிழில் வழக்குக் குறிப்பு எழுதுவீர்களா என்பது உண்மையான கேள்வி.

8. நோக்கக் கடிதம் இப்போதுதான்

அனுபவமும் மொழியும் எழுதி முடித்த பிறகு, இந்தக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் தானாக அமையும். களத்தில் பார்த்த ஒரு சிக்கலில் தொடங்குங்கள். அதைத் தீர்க்க உங்களிடம் எது இல்லை என்று சொல்லுங்கள். அந்தக் குறையை இந்தத் திட்டத்தின் எந்தப் பகுதி நிரப்பும் என்று முடியுங்கள். நம் மாதிரிப் பெண்ணுக்கு அது நேராகக் கிடைக்கிறது: வீடு மாறும் குடும்பங்களின் சிகிச்சை அறுந்துபோவது. ஒரு நோயாளிக்கு அவர் வழி கண்டார். ஒரு குடியிருப்பு முழுவதும் இடம் மாறும்போது எப்படித் திட்டமிடுவது என்று அவருக்குத் தெரியாது. முதல் படியில் அடிக்கோடு இட்ட சொற்களில் "ஒருங்கிணைப்பு" இருந்தால் அதோடு இதை இணைக்கலாம்.

சிறுவயது முதலே சேவை மனப்பான்மை என்று தொடங்கும் பத்தி இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இன்னொரு கள விவரம் வைக்கலாம்.

9. பரிந்துரையாளர்கள்

பெரும்பாலும் இரண்டு பேர் கேட்பார்கள். ஒருவர் உங்களைக் களத்தில் நேரில் பார்த்தவராக இருக்கட்டும். துறைத் தலைவரின் பதவி பெரிதாக இருக்கலாம், ஆனால் தொலைபேசியில் கேட்டால் "நல்ல மாணவி" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. உங்களோடு இரண்டு முறை வீட்டுச் சந்திப்புக்கு வந்த திட்ட ஒருங்கிணைப்பாளர் பத்து நிமிடம் பேசுவார்.

பெயர் கொடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். நான்காம், ஐந்தாம், ஏழாம் படிகளில் எழுதியதை அவருக்கு அனுப்பி, தவறு இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். எண்களை அவர் திருத்தினால் திருத்தியதையே போடுங்கள்.

10. அனுப்புவதும் அதற்குப் பிறகும்

சான்றிதழ்களை அறிவிப்பில் கேட்ட வரிசையில் ஒரே கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். சான்றிதழில் உள்ள தேதிகளும் படிவத்தில் உள்ள தேதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்கு அது படாது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள். கடைசி மாலையில் இணையதளம் மெதுவாகும்.

அனுப்பிய படிவத்தின் ஒரு நகலை அந்தக் களக்கணக்கு நோட்டுக்குள் வையுங்கள். நேர்காணலில் கேட்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும். "130 பேர் என்கிறீர்களே, அதில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள்?" என்று கேட்பார்கள். நோட்டில் இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண் உங்கள் கையில் இல்லாமல் நிலையத்துப் பதிவேட்டில் மட்டும் இருந்தால் அதைச் சொல்லுங்கள். மொழிக்கு, குழுவில் ஒருவர் திடீரென்று தெலுங்கிலோ இந்தியிலோ பேசத் தொடங்குவார். மருந்தை நிறுத்த விரும்பும் நோயாளியாக அவர் நடிக்கும்போது, நீங்கள் உடனே அறிவுரை சொல்லத் தொடங்காமல், ஏன் நிறுத்த நினைக்கிறார் என்று அதே மொழியில் முதலில் கேளுங்கள்.